காலியாகக் கிடக்கும் உகந்த நிலம்: விதைப் பரவல், வரவுத் தட்டுப்பாடு பற்றிய கருத்தரங்குக் குறிப்பைத் தயாரிக்கும் முறை

ஒரு பழைய காடு. அதை ஒட்டியே, 60 ஆண்டுகளுக்கு முன் உழவு நின்றுபோன நிலத்தில் எழுந்த ஒரு புதுக்காடு. இரண்டிலும் மரங்கள் ஒன்றுதான், நிழலும் ஏறத்தாழ ஒன்றுதான். பழைய காட்டின் தரையில் ஒரு சிறு பூண்டு பாய் விரித்ததுபோல் பரவியிருக்கிறது. எல்லையைத் தாண்டி 40 மீட்டர் நடந்தால் அதில் ஒரு செடிகூடக் கண்ணில் படவில்லை.

துறைக்குப் புதியவர் உடனே சொல்லும் பதில், "அந்த மண் அதற்கு ஒத்துவராது" என்பது. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் விதை அங்கே வந்தே சேராமல் இருக்கலாம். வந்து, முளைத்து, மூன்றாம் ஆண்டில் செத்தும் போயிருக்கலாம். நேரில் பார்க்கும்போது மூன்றுக்கும் ஒரே தோற்றம்தான்: வெறும் தரை. இந்த மூன்றையும் எந்தச் சான்றைக் கொண்டு பிரித்தறிவது என்பதைச் சுற்றியே உங்கள் கருத்தரங்குக் குறிப்பைக் கட்டினால், கேட்பவர்களுக்கு ஒரு நூல் பிடிபடும். விதைப் பரவலின் எல்லா வகைகளையும் (காற்று, நீர், பறவை, எறும்பு என்று) பட்டியலிட்டுத் தொடங்கினால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். கேள்விக்கு வந்து சேர மாட்டீர்கள்.

படி 1: கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"விதைப் பரவலும் தாவரச் சமூகமும்" என்ற தலைப்பில் எதையும் பேசலாம். அதனால்தான் அது உதவாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்த இனம், இந்த எல்லையிலிருந்து இத்தனை மீட்டருக்கு அப்பால், இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஏன் இல்லை?" இனம், இடம், தூரம், காலம் என்ற நான்கும் நிரம்பினால்தான் கேள்வி சோதிக்கத்தக்கதாகும். தூரமும் காலமும் விடுபட்டால் விதை வரவில்லையா, வர இன்னும் நேரமாகவில்லையா என்று கேட்கவே வழியிராது.

அடுத்து "இல்லை" என்பதைச் சரிபாருங்கள். ஐரோப்பியக் காடுகளில் வளரும் அனிமோனி நெமொரோசா என்ற பூண்டு வசந்தத்தின் தொடக்கத்தில் பூத்து, கோடையின் நடுவிலேயே இலை உதிர்ந்து மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். கோடையின் கடைசியில் தேடப் போனவர் அதை எங்குமே காண மாட்டார். பருவத்துக்கு இரண்டு முறையாவது தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

இனி "உகந்த" என்ற சொல். இங்கேதான் பலர் வட்டமடித்து விழுகிறார்கள்: செடி இருக்கும் இடம் உகந்தது, இல்லாத இடம் உகந்ததல்ல என்று வரையறுத்துவிட்டால், காலியான உகந்த நிலம் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஆகவே உகந்த தன்மையைச் செடியின் இருப்பைக் கொண்டு காட்டாமல் வேறு வழியில் காட்ட வேண்டும். மண்ணின் காரகாடித்தன்மை, பாஸ்பரஸ், ஈரம், தரைக்கு வரும் ஒளி ஆகியவற்றை இரு காடுகளிலும் அளந்து ஒப்பிடுவது ஒரு வழி. ஆனால் அது பலவீனமான சான்று. நீங்கள் அளக்காத ஏதோ ஒன்று வேறுபடலாம். அங்கேயே விதைத்தோ நட்டோ பார்ப்பது வலுவான வழி.

நடும்போதும் ஒரு பொறி இருக்கிறது. வளர்ந்த செடியைக் கொண்டுபோய் நட்டால் அது பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அதே இடத்தில் விதையிலிருந்து நாற்று தலையெடுக்காமலேயே போகலாம். முளைப்பதற்கும் இளம் நாற்று நிலைப்பதற்கும் வேண்டிய சூழல், வளர்ந்த செடிக்கு வேண்டியதிலிருந்து வேறுபட்டது என்பதை பீட்டர் கிரப் 1977இல் தெளிவாக வாதிட்டார். எனவே குறிப்பில் உங்கள் வரையறையை நேராக எழுதிவிடுங்கள்: "விதையிலிருந்து தொடங்கி, பூத்து, மீண்டும் விதை தரும்வரை வளர முடிந்தால் அந்த இடம் உகந்தது." உங்கள் சான்று அதுவரை போகாவிட்டால் எதுவரை போகிறது என்று சொன்னால் போதும்.

படி 2: சங்கிலியை மூன்று கண்ணிகளாகப் பிரியுங்கள்

ஓர் இடத்தில் ஓர் இனத்தின் புதுச் செடிகள் சேருவதை வகுப்பறையில் ரெக்ரூட்மென்ட் என்பார்கள். நாம் இங்கே "வரவு" என்று வைத்துக்கொள்வோம். வர வேண்டிய அளவுக்கு வராமல் போவது வரவுத் தட்டுப்பாடு. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது மூலத் தட்டுப்பாடு: தாய்ச்செடிகளே குறைவு, அல்லது அவை தரும் விதையே குறைவு. விதைகளை எவ்வளவு சீராகத் தூவினாலும் எல்லா இடத்துக்கும் போதாது. இரண்டாவது பரவல் தட்டுப்பாடு: விதை ஏராளம், ஆனால் தாய்ச்செடியின் காலடியிலேயே குவிந்துவிடுகிறது. மூன்றாவது வேரூன்றல் தட்டுப்பாடு: விதை வந்து சேர்கிறது, நாற்று நிலைப்பதில்லை. முதல் இரண்டையும் சேர்த்து விதைத் தட்டுப்பாடு என்கிறோம்.

இவற்றை அளப்பது விதைப்பொறி கொண்டு. பொறி என்றால் பெரிய கருவி ஒன்றுமில்லை: சட்டத்தில் கட்டிய நுண்வலை, தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்தது. மரங்களுக்கு 0.5 சதுர மீட்டர் பரப்புள்ள பொறி பரவலாகப் பயன்படுகிறது. எறும்பு சுமக்கும் விதைகளை இதில் பிடிக்க முடியாது என்பதை இப்போதே நினைவில் வையுங்கள். அதற்குப் பின்னர் வருவோம்.

n என்பது மொத்தப் பொறிகள், a என்பது விதை விழுந்த பொறிகள், s என்பது எல்லாப் பொறிகளிலும் சேர்ந்த விதைகள், r என்பது விதை விழுந்த இடங்களில் நாற்றும் காணப்பட்ட இடங்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
விதைத் தட்டுப்பாடு       = 1 - a/n
மூலத் தட்டுப்பாடு        = exp(-s/n)
பரவல் தட்டுப்பாடு        = 1 - (a/n) / (1 - exp(-s/n))
வேரூன்றல் தட்டுப்பாடு    = 1 - r/a
```

இரண்டாவது வரிக்கு விளக்கம் வேண்டும். s விதைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பொறிகள்மீதும் சமவாய்ப்போடு வீசினாலும், தற்செயலாகவே சில பொறிகள் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் பொறிகளின் பங்குதான் exp(-s/n). விதை எண்ணிக்கை போதாமையால் மட்டும் வரும் வெறுமை அது. அதைத் தாண்டி மிஞ்சும் வெறுமையைப் பரவலின் கணக்கில் எழுதுகிறோம்.

கருத்தரங்கில் சூத்திரத்தைக் காட்டி நகர்ந்துவிடாமல் கீழுள்ள கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. 100 பொறிகள். அ, ஆ என்று இரண்டு இனங்கள். இரண்டுமே 20 பொறிகளில்தான் விழுந்திருக்கின்றன. ஆகவே விதைத் தட்டுப்பாடு இரண்டுக்கும் 0.80. ஆனால் அ இனத்தின் மொத்த விதைகள் 300, ஆ இனத்துக்கு 30.

அ இனத்துக்குப் பொறிக்குச் சராசரி 3 விதை. exp(-3) ஏறத்தாழ 0.05. அதாவது சீராக வீசியிருந்தால் 100இல் 95 பொறிகளில் விதை இருந்திருக்கும், இருந்ததோ 20. பரவல் தட்டுப்பாடு 1 - 0.20/0.95, அதாவது 0.79. ஆ இனத்துக்குச் சராசரி 0.3 விதை. exp(-0.3) ஏறத்தாழ 0.74. சீராக வீசினாலும் 26 பொறிகளுக்குமேல் நிரம்பாது, இருந்ததோ 20. பரவல் தட்டுப்பாடு 0.23தான்.

மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு இனங்களுக்கும் நோய் வேறு வேறு. அ இனத்துக்கு விதை சுமக்க ஆள் இல்லை. ஆ இனத்துக்குத் தாய்ச்செடி போதவில்லை. விதை சுமக்கும் பறவையைத் திரும்பக் கொண்டுவந்தால் முதலாவதற்குப் பயன் உண்டு. இரண்டாவதற்கு அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

இந்த எண்கள் இனத்தின் நிலையான குணங்கள் அல்ல என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். பொறி பெரிதானால், ஆண்டுகள் கூடினால், விதைத் தட்டுப்பாடு தானாகக் குறையும். ஒரே அளவுப் பொறி, ஒரே கால அளவு இருந்தால்தான் இரண்டு ஆய்வுகளை ஒப்பிடலாம். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் ஆய்வுத் தளத்தில் 200 பொறிகள் வைக்கப்பட்டன, ஒவ்வொன்றும் 0.5 சதுர மீட்டர். மொத்தப் பரப்பு 100 சதுர மீட்டர். தளத்தில் அது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் தளத்தில் 300க்கும் மேற்பட்ட மர, புதர் இனங்கள் உள்ளன. 10 ஆண்டுகள் எண்ணியும் ஒரு பொறிக்குச் சராசரியாக ஏறத்தாழ 31 இனங்களின் விதைகளே வந்திருந்தன. 1999இல் வெளியான இந்த முடிவை ஒரே படமாகக் காட்டினால் போதும்: இனவளம் மிக்க காட்டிலும், ஒரு குறிப்பிட்ட அரைச் சதுர மீட்டருக்கு அங்குள்ள இனங்களில் பெரும்பாலானவை வந்து சேர்வதே இல்லை.

படி 3: விதைத்துப் பாருங்கள்

பொறிகளால் நம் பூண்டின் கேள்விக்கு விடை கிடைக்காது. பழைய காட்டுப் பூண்டுகள் பலவற்றின் விதைகளில் எலையோசோம் என்ற கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, சதையைத் தின்றபின் விதையை விட்டுவிடும். வழக்கமான பயணம் ஓரிரு மீட்டர். ஆகவே காலியான இடத்துக்கு நாமே விதையைக் கொண்டுசேர்த்து, பரவல் என்ற கண்ணியைத் தாண்டவைத்துப் பார்க்கிறோம். முளைத்து நிலைத்தால், குறை வந்து சேர்வதில்தான். நிலைக்காவிட்டால் வேரூன்றலில்.

அமைப்பு இப்படி இருக்கலாம். 5 இணைக் காடுகள். ஒவ்வோர் இணையிலும் ஒரு பழைய காடும் ஒரு புதுக்காடும். ஒவ்வொரு காட்டிலும் 2 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் 50 × 50 செ.மீ. அளவில் 4 பாத்திகள்: எதுவும் செய்யாதது, விதை மட்டும் இட்டது, சருகு மட்டும் அகற்றியது, சருகு அகற்றி விதை இட்டது. மொத்தம் 80 பாத்திகள். அவற்றில் 40க்கு விதை வேண்டும். பாத்திக்கு 100 விதை என்றால் 4000 விதைகள், அதோடு முளைப்புச் சோதனைக்கு 200.

ஒரே புதுக்காட்டில் 10 தொகுதிகளைப் போட்டால் என்ன என்று தோன்றும், வேலையும் எளிது. ஆனால் அது அந்த ஒரு காட்டைப் பற்றி மட்டுமே பேசும். அங்கே மட்டும் எலிகள் மிகுந்திருந்தால், அதையே எல்லாப் புதுக்காடுகளின் குணமாக எழுதிவிடுவீர்கள். காடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். காட்டுக்குள் பாத்திகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

பாத்திகளுக்கிடையே 2 மீட்டராவது விடுங்கள். நான்கு மூலைகளிலும் உலோக முளை அடியுங்கள்; மரமுளை மூன்றாண்டில் மக்கிவிடும், பாத்தியைத் தேடியே நாள் போகும். விதையை நடுவில் 30 × 30 செ.மீ. பரப்பில் மட்டும் தூவி, எண்ணும்போது முழு 50 × 50ஐயும் எண்ணுங்கள். மழை விதையை ஒரு சாண் தள்ளினாலும் கணக்கில் வந்துவிடும். விதையிடாத பாத்தியையும் அதே அளவு மிதியுங்கள், தொடுங்கள். சருகு கலைந்ததாலோ மண் அழுந்தியதாலோ வரும் மாற்றத்தை விதையின் பெயரில் எழுதிவிடக் கூடாது.

விதை சேகரிப்பில், அன்று முற்றிக் கிடைக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்பது விதை வங்கிகளின் நடைமுறை. பல தாய்ச்செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். நிலத்தை நிர்வகிப்பவரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அந்த இனம் இயற்கையில் இல்லாத பகுதிக்குக் கொண்டுபோய் விதைக்காதீர்கள். விதைப்பதற்கு முன்பே அந்தக் காட்டில் அது எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் எடுத்துவிடுங்கள். நீங்கள் விதைத்தபின் அங்கே இயல்பாக வந்தது எது என்று பிரிக்க முடியாது.

மிகப் பலரைக் கவிழ்ப்பது விதையின் உறக்கம். வட அமெரிக்கக் காட்டுப் பூண்டான டிரில்லியம் கிராண்டிஃப்ளோரத்தின் விதைக்கு இரட்டை உறக்கம் உண்டு: முதல் குளிருக்குப் பின் வேர் மட்டும் வெளிவரும், இன்னொரு குளிர் கழிந்த பிறகே இலை மண்ணுக்கு மேலே தெரியும். முதல் வசந்தத்தில் எண்ணிவிட்டு "ஒன்றும் முளைக்கவில்லை, நிலம் ஒவ்வாது" என்று எழுதியவரின் முடிவு அடியோடு தவறாகிவிடும். இத்தகைய விதைகள் பல, காய்ந்தால் உயிர்ப்பையும் இழக்கும். உறையில் போட்டு அறையில் வைத்திருந்து அடுத்த பருவத்தில் விதைக்க நினைக்காதீர்கள். பறித்த ஓரிரு நாளிலேயே விதைத்துவிடுங்கள். 200 விதைகளைத் தனியே ஈரத்தில் வைத்து, உரிய குளிரும் வெப்பமும் காட்டி, எத்தனை உயிரோடிருக்கின்றன என்று பாருங்கள். இந்தச் சோதனை இல்லாமல் வெறும் பாத்தியைக் காட்டினால், செத்த விதையைத்தான் விதைத்தீர்களோ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

படி 4: முடிவை ஆண்டுவாரியாகப் படியுங்கள்

மறுபடியும் விளக்கத்துக்கான எண்கள். ஒவ்வொரு வகைக்கும் 10 பாத்தி, அதாவது 1000 விதை. எல்லா எண்களும் 10 பாத்திகளின் கூட்டுத்தொகை.

முதல் எண்ணிக்கை: பழைய காட்டில் விதையிட்ட பாத்திகளில் 180 நாற்று, விதையிடாதவற்றில் 40. வேறுபாடு 140, அதாவது விதைக்கு 14 சதவீதம். புதுக்காட்டில் விதையிட்டவற்றில் 160, விதையிடாதவற்றில் சுழி. அதாவது 16 சதவீதம். பழைய காட்டின் 40ஐக் கழிக்க மறந்தால் ஒப்பீடே கோணலாகிவிடும். அவை ஏற்கெனவே அங்கிருக்கும் செடிகளின் பிள்ளைகள்.

இந்த நிலையில் நிறுத்தினால் தீர்ப்பு தெளிவு: புதுக்காடு பழையதற்குச் சற்றும் குறைந்ததல்ல, விதை வராததே காரணம். பல ஆய்வுகள் இங்கேதான் நின்றிருக்கின்றன.

ஐந்தாம் ஆண்டு: பழைய காட்டில் 60, விதையிடாதவற்றில் 14, வேறுபாடு 46, அதாவது 4.6 சதவீதம். புதுக்காட்டில் 6, அதாவது 0.6 சதவீதம். சமமாகத் தொடங்கியவை ஏறக்குறைய எட்டு மடங்கு விலகிவிட்டன. சருகு அகற்றி விதையிட்ட புதுக்காட்டுப் பாத்திகளில் முதலில் 240 முளைத்து, ஐந்தாம் ஆண்டில் 7 மிஞ்சின. சருகு முளைப்பைத் தடுத்தது உண்மை. ஆனால் செடி நிலைக்காததற்குச் சருகு காரணமல்ல. நாற்றுகள் பிற்பாடு எதனாலோ சாகின்றன. அடுத்துச் சோதிக்க வேண்டியவை பக்கத்துச் செடிகளின் போட்டியும் மேய்ச்சலும்: சுற்றுச் செடிகளைக் களைந்த பாத்தி, கம்பிவலைக் கூண்டிட்ட பாத்தி.

ஆகவே விடை "பரவலா, வேரூன்றலா" என்ற இரண்டில் ஒன்றாக அமையவில்லை. இரண்டும்தான். விதை வராமல் செடி வராது. விதை வந்தாலும் ஆயிரத்தில் ஆறுதான் தேறும். 2000இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, விதை சேர்த்துப் பார்த்த நிகழ்வுகளில் ஏறக்குறைய பாதியில் நாற்றுகள் கூடின. 2007இல் வந்த இன்னொன்று, விதை சேர்ப்பதால் நாற்று கூடினாலும் சேர்த்த விதைகளில் பெரும்பகுதி நாற்றாவதில்லை என்று காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் இல்லை.

எவ்வளவு விதை இட்டீர்கள் என்பதும் விடையை மாற்றும். ஒரே அளவில் இட்டால் இது புலப்படாது. மூன்று அளவுகளிலாவது இட வேண்டும். விதை S ஆனால் நாற்று R:

```
R = p*S / (1 + p*S/M)
```

p என்பது நெரிசல் இல்லாதபோது ஒரு விதை நாற்றாகும் வாய்ப்பு. M என்பது அந்தப் பாத்தி எவ்வளவுதான் விதையிட்டாலும் தாங்கக்கூடிய உச்ச நாற்று எண்ணிக்கை. p = 0.2, M = 20 என்று வைத்துப் போடுங்கள். 25 விதைக்கு 4 நாற்று. 100 விதைக்கு 10. 400 விதைக்கு 16. முதல் நான்கு மடங்கில் 6 நாற்று கூடின. அடுத்த நான்கு மடங்கிலும் 6தான், ஆனால் அதற்கு 300 விதைகள் கூடுதலாகச் செலவாயின. 25 விதை இட்டவர் "விதைதான் தட்டுப்பாடு" என்பார். 400 இட்டவர் "இடம்தான் தட்டுப்பாடு" என்பார். இருவரும் ஒரே வளைகோட்டின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

படி 5: அதே தோற்றம் தரும் வேறு காரணங்களையும் வையுங்கள்

பழைய காட்டின் எல்லையிலிருந்து விலக விலகப் பூண்டு குறைகிறது என்ற வரைபடம் பரவல் தட்டுப்பாட்டின் முத்திரையாகக் கருதப்படுகிறது. ஐரோப்பியப் புதுக்காடுகளில் இத்தகைய பூண்டுகள் முன்னேறும் வேகம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. அரை மீட்டர் என்று வைத்தால் 60 ஆண்டில் 30 மீட்டர். நம் 40ஆம் மீட்டர் காலியாக இருப்பதில் வியப்பே இல்லை. இந்த ஒரு வரிக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள்.

ஆனால் அந்த வரைபடம் தனித்து எதையும் நிரூபிக்காது. உழவிருந்த மண்ணில் உரத்தின் பாஸ்பரஸ் பல பதிற்றாண்டுகள் தங்கும்; அதைத் தின்று கொழுக்கும் உயரமான செடிகள் சிறு பூண்டை நிழலில் அமுக்கும். எல்லையிலிருந்து விலக விலக மண்ணும் மாறினால், தூரத்தின் விளைவையும் மண்ணின் விளைவையும் பிரிக்க முடியாது. வடகிழக்கு பிரான்சில் ரோமானியர் காலத்தில் ஏறத்தாழ 200 ஆண்டுகள் பயிரிட்டுக் கைவிட்ட இடங்களில், இன்றும் மண்ணும் தாவரங்களும் வேறாக இருப்பதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. பாத்தி ஒவ்வொன்றிலும் மண் மாதிரி எடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எறும்பின் ஓரிரு மீட்டரை மட்டும் நம்பினால் வேறொரு சிக்கல் வரும். வட அமெரிக்கக் காட்டுப்பூண்டான அசாரம் கனடென்ஸேயின் விதையை எறும்பு அதிகபட்சமாக 35 மீட்டர் வரை கொண்டுபோனது பதிவாகியுள்ளது. அந்தக் கணக்கில் கடந்த 16,000 ஆண்டுகளில் அது 10, 11 கிலோமீட்டர்தான் நகர்ந்திருக்க வேண்டும். உண்மையில் பனியுகம் முடிந்தபின் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே போயிருக்கிறது. 1899இல் கிளமென்ட் ரீட் பிரிட்டனின் ஓக் மரங்களைப் பற்றி எழுப்பிய புதிரும் இதே வகை. அரிதாக நிகழும் நெடும்பயணம்தான் விடை என்று கருதுகிறார்கள். டிரில்லியம் விதைகள் மானின் சாணத்திலிருந்து முளைத்ததும், அப்படி ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போக முடியும் என்பதும் 2003இல் காட்டப்பட்டன. சராசரித் தூரம் எவ்வளவு என்பதைவிட, வளைகோட்டின் வால் எவ்வளவு நீளம் என்பதே இங்கு முக்கியம். அதை அளப்பதுதான் மிகக் கடினமும்கூட.

கடைசியாக, எல்லாத் துண்டு நிலமும் உகந்ததாக இருந்தாலும் சில காலியாகத்தான் கிடக்கும். 1969இல் ரிச்சர்ட் லெவின்ஸ் தந்த மாதிரியில், நிரம்பிய துண்டுகளின் பங்கு 1 - e/c. e என்பது அழியும் வேகம், c என்பது குடியேறும் வேகம். e = 0.02, c = 0.05 என்றால் 60 சதவீதம் நிரம்பும், 40 சதவீதம் காலி. அந்த நாற்பதில் எந்தக் குறையும் இல்லை.

படி 6: நேரத்தைப் பங்கிடுங்கள்

40 நிமிட உரை என்றால் கேள்விக்கும் "உகந்த" என்ற சொல்லுக்கும் 6 நிமிடம். அ, ஆ இனங்களின் கணக்குக்கு 8. விதைப்புச் சோதனையின் அமைப்புக்கு 6. ஆண்டுவாரி முடிவுக்கும் வளைகோட்டுக்கும் 12. உரையின் நெஞ்சு அது. மாற்றுக் காரணங்களுக்கு 8. வெளியான ஆய்வுகளின் எண்களையும் விளக்கத்துக்காக நீங்கள் வைத்த எண்களையும் வேறு வேறு நிறத்தில் எழுதுங்கள். கேட்பவர் குறிப்பெடுக்கும்போது குழப்பிக்கொள்வது வழக்கம்.

வரக்கூடிய கேள்விகளில் ஒன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: "எத்தனை ஆண்டு பார்த்தால் போதும்?" விதைத்த செடி பூத்து, அதன் விதையில் முளைத்த நாற்று தெரியும்வரை. டிரில்லியம் போன்ற பூண்டு முதன்முதல் பூக்கவே ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். உங்கள் கையில் ஐந்தாண்டுத் தரவுதான் இருக்கிறதென்றால், முடிவுப் பக்கத்தில் "புதுக்காடு உகந்தது" என்றோ "உகந்ததல்ல" என்றோ எழுதாமல், "ஐந்தாம் ஆண்டில் 1000 விதைக்கு 6 செடி உயிரோடு, பூத்தவை இன்னும் இல்லை" என்று எழுதுங்கள்.